ஓய்வுக்காலப் பணம் பங்கிலா, பத்திரத்திலா?

ஆசிரியருக்கு,

பங்கு வாங்கினால் நீங்கள் நிறுவனத்தின் சிறு உரிமையாளர். லாபம் வந்தாலும் ஈவுத்தொகை நிச்சயமில்லை. பத்திரம் வாங்கினால் கடன் கொடுத்தவர். நிறுவனம் திவாலானாலும் பங்குதாரருக்கு முன்பே உங்கள் பாக்கியைத்தான் தீர்க்க வேண்டும்.

10 லட்ச ரூபாய் முகமதிப்புள்ள 7 சதவீத அரசுப் பத்திரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 35,000 ரூபாய் தரும். பங்கு அப்படியல்ல. 2020 ஜனவரியில் 42,000 அருகே இருந்த சென்செக்ஸ் மார்ச்சில் 26,000-க்குக் கீழே போனது. சம்பளக்காரர் மீண்டும் ஏறும்வரை பொறுக்கலாம். மருந்துச் செலவுக்கு விற்றாக வேண்டிய பெரியவர்? நஷ்டத்திலேயே விற்க நேரும்.

சரி, பத்திரத்திலும் சிக்கல் உண்டு. வட்டி விகிதம் ஏறினால் அதன் சந்தை விலை இறங்கும். எனவே பணம் தேவைப்படும் ஆண்டில் முதிர்கிற பத்திரமாகப் பார்த்து வாங்குவதே நல்லது.

- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை