ஆண்டறிக்கை: டிக்கெட் கச்சேரியும் அதற்கான கேப்ஷனும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ரசிகப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கச்சேரிகளும் இளம் கலைஞர் வரிசையும் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த அறிக்கையில் ஒரே ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டு விழாவின் டிக்கெட் கச்சேரிக்காக வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போடும் கேப்ஷன் அது. "சீட் நம்பர் உண்டா?", "முந்நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு எங்கே உட்கார்த்துவீர்கள்?", "முன் வரிசை ஏன் காலியாகக் கிடக்கிறது?" என்று கச்சேரியன்று வாசலில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை கேப்ஷனிலேயே தீர்ந்திருக்க வேண்டியவை.

இவ்வாண்டு செயற்குழு முடிவு செய்த வாசகத்தை அப்படியே தருகிறேன். அடுத்த விழாவுக்கும் பயன்படும் என்பதால் பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை 6 மணி, (பாடகர் பெயர்) வாய்ப்பாட்டு
(அரங்கின் பெயர்), டிக்கெட் ₹150 முதல்

வயலின்: (பெயர்)
மிருதங்கம்: (பெயர்)
கடம்: (பெயர்)
தம்புரா: (பெயர்)

தேதி: (நாள், மாதம், ஆண்டு). கதவு திறப்பு 5.15. சுமார் இரண்டரை மணி நேரம், இடைவேளை இல்லை.
இடம்: (அரங்கு, தெரு, அருகிலுள்ள நிறுத்தம்). நுழைவு பக்கத் தெரு வாசல் வழியாக மட்டும்.

டிக்கெட், ஒருவருக்கு:
₹500: வரிசை 2 முதல் 4 வரை, இருக்கை எண் உண்டு
₹300: வரிசை 5 முதல் 8 வரை, இருக்கை எண் உண்டு
₹150: வரிசை 9 முதல் 12 வரை, இருக்கை எண் கிடையாது, முதலில் வருபவருக்கு முதல் இடம்
முதல் வரிசை விற்பனைக்கு இல்லை.
முன்பதிவு இணைப்பு: சபையின் முகப்புக் குறிப்பில்
சக்கர நாற்காலியில் வருவோர் முன்கூட்டியே அழைக்கவும்: (சபை எண்)
தாமதமாக வருவோர் ஒரு உருப்படி முடிந்த பிறகே உள்ளே அனுமதிக்கப்படுவர்.
புதுப்பித்தது: (தேதி, நேரம்)

முதல் இரண்டு வரிகளில் கிழமை, நேரம், பாடகர், அரங்கு, குறைந்த கட்டணம் ஆகியவற்றை மட்டும் வைத்ததற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே தொடக்கம் மட்டும்தான் தெரியும். மிச்சத்தைப் படிக்க விரித்துப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்து அகலமானது, போன் திரையில் எட்டுப் பத்துச் சொற்களிலேயே இரண்டு வரி நிறைந்துவிடும். "இசை ரசிகர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு" என்று தொடங்கினால் அந்த இடம் அதற்கே போய்விடும், பாடுவது யார் என்பது மறைந்திருக்கும். இன்னொன்று: இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்குள் போடும் இணைப்பை அழுத்த முடியாது. அதனால் முன்பதிவு இணைப்பை சபையின் முகப்புக் குறிப்பில் வைத்துவிட்டு, கேப்ஷனில் அது இருக்கும் இடத்தை மட்டும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் இந்தச் சிக்கல் இல்லை, இணைப்பை நேராகவே போடலாம்.

கலைஞர் பெயர்களில் மூன்று வழக்கங்களைக் கடைப்பிடித்தோம். பாடகர், வயலின், மிருதங்கம், உபபக்கவாத்தியம், தம்புரா என்ற வரிசை மாறாது. பெயரும் இனிஷியலும் கலைஞர் தாமே எழுதி அனுப்பிய வடிவத்தில்தான் வரும். ஒரே பெயரில் இரண்டு மூன்று வித்வான்கள் இருக்கும் துறை இது. இனிஷியல் விடுபட்டால் ரசிகர் வேறொருவரை எதிர்பார்த்து வந்து சேருவார். மூன்றாவது, பட்டங்கள். சபைகள் தரும் விருதுகளையும் கலைமாமணியையும் பெயருக்கு முன்னால் போடுவது நம் வழக்கம். பத்ம விருதுகளுக்கு அது பொருந்தாது. பத்ம விருதைப் பெயருக்கு முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த விருது பெற்றவர் என்பதைக் குறிப்பிட விரும்பினால் கீழே தனி வாக்கியமாக எழுதலாம். எல்லாப் பட்டங்களையும் அடுக்கினால் பக்கவாத்தியக்காரர் பெயர் இன்னும் கீழே தள்ளப்படும் என்பதும் உண்மை. ஒருவருக்கு ஒரு பட்டம் என்று வைத்தோம். இதில் மனவருத்தம் வராது என்று உறுதி கூற முடியாது.

பக்கவாத்தியம் கடைசி நேரத்தில் மாறுவது கச்சேரி உலகில் சகஜம். அதனால் எதைப் படத்தில் போடுவது, எதை எழுத்தில் போடுவது என்பதை முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும். இன்ஸ்டாகிராமில் பதிவு வெளியான பிறகு கேப்ஷனைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. ஆகவே சுவரொட்டிப் படத்தில் பாடகர், தேதி, அரங்கு மட்டும். பக்கவாத்தியமும் கட்டணமும் கேப்ஷனில். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். அதற்குள் அது பத்துக் குழுக்களுக்கு ஃபார்வர்டு ஆகியிருந்தால் அந்தப் பிரதிகளில் நம் கை எட்டாது. இறுதியில் "புதுப்பித்தது" என்ற வரி இருப்பது இதற்காகத்தான். இரண்டு விதமான செய்தி கையில் இருப்பவர் எது பிந்தியது என்று தாமே பார்த்துக்கொள்வார்.

இனி கட்டணமும் இருக்கையும். அரங்கில் 12 வரிசை, வரிசைக்கு 24 இருக்கை, மொத்தம் 288. முதல் வரிசையின் 24 இருக்கைகள் புரவலர்களுக்கும் கலைஞர்களின் குடும்பத்தாருக்கும் ஒதுக்கப்பட்டவை. ஒலி அமைப்பாளரின் மேசை பன்னிரண்டாம் வரிசையில் 11 முதல் 14 வரை உள்ள நான்கு இருக்கைகளை விழுங்கிவிடும். விற்பனைக்கு எஞ்சுவது 260: ஐந்நூறு ரூபாயில் 72, முந்நூறில் 96, நூற்றைம்பதில் 92. எல்லாம் விற்றால் ₹78,600 வரும். முன்பதிவு தொடங்கும் முன் இந்தக் கழித்தலைச் செய்துவிட வேண்டும். மைக்காரர் மேசை போட்ட பிறகு நான்கு பேரை எழுப்பி வேறிடம் தேடுவதைவிட வாசலில் சங்கடமான வேலை கிடையாது.

முதல் வகுப்பை ₹600 ஆக்கலாமே என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். இசை நிகழ்ச்சி அனுமதிக் கட்டணம் ஒருவருக்கு ₹500-ஐத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. தாண்டினால், ஜி.எஸ்.டி. பதிவுள்ள அமைப்பு 18 சதவீத வரி கட்ட வேண்டும். வரி உட்பட ₹600 வாங்கினால் சபைக்கு நிற்பது சுமார் ₹508. எட்டு ரூபாய்க்காக ரசிகரிடம் நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்பதில் பொருளில்லை என்று குழு கருதியது. முன்பதிவுத் தளம் தனியே பிடிக்கும் சேவைக் கட்டணம் இருந்தால், கேப்ஷனில் "சேவைக் கட்டணம் தனி" என்ற மூன்று சொல் கட்டாயம் வர வேண்டும். ₹300 என்று படித்தவர் திரையில் அதைவிடக் கூடுதலான தொகையைப் பார்த்தால் பாதி வழியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்.

கேப்ஷனில் "வரிசை 2 முதல் 4 வரை" என்று முழுதாக எழுதியதைச் சிலர் நீட்டல் என்றார்கள். "2-4" என்று போட்டால் இரண்டாம் வரிசையின் நான்காம் இருக்கை என்றும் படிக்கலாம், இரண்டு முதல் நான்கு வரையிலான இருக்கைகள் என்றும் படிக்கலாம். டிக்கெட்டிலும் அப்படியே: "5-12" என்று அச்சிடாமல் "வரிசை 5, இருக்கை 12" என்று போட வேண்டும். இருக்கை எண் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்பதும் குழப்பும். மேடையிலிருந்து பார்ப்பவருக்கும் மேடையைப் பார்ப்பவருக்கும் இடமும் வலமும் மாறிவிடுகின்றன. இருக்கை வரைபடத்தில் மேடையை மேலே வரைந்து, மேடையைப் பார்த்து உட்காருபவரின் இடக்கை ஓரத்தில் 1 என்று குறித்தோம்.

இடம் வலம் விஷயத்தில் நம் ரசிகர்களுக்கு இன்னொரு அக்கறையும் உண்டு. வழக்கமான அமைப்பில் மிருதங்கம் பாடகரின் வலப்பக்கம், அதாவது ரசிகருக்கு இடப்பக்கம். மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலை ரசிகர்களைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால் அந்த இடம். வயலின் ரசிகருக்கு வலப்பக்கம். தனி ஆவர்த்தனத்தைக் கிட்டத்தில் கேட்க வேண்டும் என்பவர் சிறிய எண்களைக் கேட்பார், வயலினில் கை ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்பவர் பெரிய எண்களைக் கேட்பார். ஆனால் இதைக் கேப்ஷனில் வாக்குறுதியாக எழுதக் கூடாது. பழநி சுப்பிரமணிய பிள்ளையைப் போல இடக்கைப் பழக்கமுள்ள மிருதங்க வித்வான் வந்தால் எல்லாம் எதிர்ப்பக்கம் மாறிவிடும். தொலைபேசியில் கேட்பவருக்கு மட்டும், அன்றைய மிருதங்க வித்வானைக் கேட்டறிந்து சொல்லலாம்.

பின் நான்கு வரிசைக்கு எண் வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. வீடியோ கேமராவை நடுப்பாதையில் எட்டாம் வரிசையை ஒட்டி நிறுத்தினால் அதன் பின்னால் ஒன்றிரண்டு இருக்கைகளுக்கு மேடை மறைக்கும். எண் இல்லாத பகுதியில் இருப்பவர் தாமே தள்ளி உட்கார்ந்துகொள்வார். கேமராவை இன்னும் முன்னால் கொண்டுபோனால் முந்நூறு ரூபாய் கொடுத்து எண் வாங்கியவருக்கு மறைக்கும், அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். படம் எடுப்பவர்கள் ஆறாம் வரிசையைத்தான் விரும்புவார்கள், இவ்வாண்டு மறுத்துவிட்டோம்.

இந்தக் கூட்டத்தின் ஒப்புதலுக்கு ஒரு கோரிக்கை. சக்கர நாற்காலியில் வருவோருக்கு இப்போது பாதை ஓரத்தில் தற்காலிகமாக இடம் செய்து தருகிறோம். அடுத்த ஆண்டு முதல் ஐந்தாம் வரிசையில் பாதையை ஒட்டிய இருக்கைகள் 12, 13 ஆகிய இரண்டையும் கழற்றி வைத்து, அந்த இடத்தை நிரந்தரமாக ஒதுக்கலாம். விற்பனை இருக்கை 258 ஆகக் குறையும், முழு விற்பனையில் ₹600 இழப்பு. ஒப்புதல் கிடைத்தால் கேப்ஷனில் உள்ள அழைப்பு வரியை மாற்றி, அந்த இரண்டு இடங்களையும் கட்டணப் பட்டியலிலேயே குறிப்பிட்டுவிடலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்