கிணத்துப் பங்கு: நாடகம் எழுதிய தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நாடகத்தை வாசித்துவிட்டேன். அண்ணன் தம்பி ரெண்டு பேர், ஒரு தோட்டம், பொதுக்கிணறு. கதை எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இருபது நிமிஷத்தில் முடிய வேண்டிய நாடகத்தில் அந்தத் திண்ணைப் பேச்சு ஒன்றே பாதிக்கு மேல் ஓடுகிறது. குறைக்கத்தான் வேண்டும். ஆனால் எதைக் குறைப்பது என்று தெரியாமல் கை வைத்தால் சண்டையே காணாமல் போய்விடும், அதையும் பேச வேண்டும்.

முதலில் சின்னவன் வாய் திறக்கும் வரியைப் பார்.

"ஏனுங்ணா, நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருக்கறது உங்களுக்கே தெரியும், அப்பா போனதுக்கப்பறம் ஆளுக்கு ரெண்டு ஏக்கராவாப் பிரிச்சுக்கிட்டோம், கிணத்த மட்டும் பொதுவா வெச்சோம், இப்பப் புள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டோணும், அதனால எம்பங்க வித்துப்போடலாம்னு இருக்கறனுங்ணா, நீங்க என்ன சொல்றீங்க?"

ஒரே மூச்சில் ஐந்து வேலை. தன்னை அறிமுகம் செய்கிறான், பாகப்பிரிவினையைச் சொல்கிறான், காரணம் சொல்கிறான், முடிவைச் சொல்கிறான், கடைசியில் அனுமதி கேட்கிறான். முதல் ரெண்டும் அண்ணனுக்குத் தெரிந்த விஷயம், அதனால் அவனிடம் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே பார்க்கிற சனத்துக்குத்தான் சொல்கிறான். "உங்களுக்கே தெரியும்" என்று ஒரு பாத்திரம் சொன்னால் அந்த வரியில் பெரும்பாலும் பேசுவது எழுத்தாளன்தான். அதை விடப் பெரிய சிக்கல் அந்தக் கடைசிக் கேள்வி. அனுமதி கேட்டுவிட்டான் என்றால் அண்ணன் "கூடாது" என்று சொன்னதோடு நாடகம் முடிந்திருக்க வேண்டும், முடியாததால் நீ ரெண்டு பேரையும் திரும்பத் திரும்ப அதையே பேச வைக்கிறாய்.

உன் பிரதியிலேயே இதற்கு மருந்து இருக்கிறது. அட்வான்ஸ் வாங்கிவிட்ட சங்கதியைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறாய். அதை முதல் வரிக்குக் கொண்டு வா.

சின்னவன்: அட்வான்ஸ் வாங்கிட்டனுங்ணா.
பெரியவன்: எதுக்கு?
சின்னவன்: எம்பக்கத்து ரெண்டு ஏக்கராவுக்கு.
பெரியவன்: கெணறு?
சின்னவன்: அதுல பாதியுஞ் சேத்துத்தானுங்ணா.
பெரியவன்: மஞ்ச நிக்குதுடா.
சின்னவன்: வெட்டற வரைக்கும் மொறத் தண்ணி உடறம்னு சொல்லீருக்கறாங்க.
பெரியவன்: அடுத்த வருசம்?
சின்னவன்: பீஸு இந்த வருசங் கட்டோணுமுங்ணா.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு வினைச்சொல் எழுதிப் பார். சொல்கிறான், சோதிக்கிறான், ஒப்புக்கொள்கிறான், தடுக்கிறான், சமாதானம் சொல்கிறான், மடக்குகிறான், திருப்பி அடிக்கிறான். ஒரு வரிக்கு ரெண்டு வினை எழுத வேண்டி வந்தால் அந்த வரியை உடை. அடுத்தடுத்து ஒரே ஆள் பேசும் ரெண்டு வரிக்கு ஒரே வினை வந்தால் ஒன்றை எடு, பொதுவாக முதலில் வருவதை எடுத்துவிட்டுப் பின்னால் வருவதை வைத்துக்கொள், ஏனென்றால் எழுத எழுதத்தான் நமக்குச் சூடு பிடிக்கிறது, முதல் வரி பெரும்பாலும் இரண்டாவதற்கு ஒத்திகைதான்.

பெரியவன் பேச்சுக்கு வருவோம். அப்பன் பாடுபட்ட மண், ஊரு சிரிக்கும், வாங்கறவன் கிணத்தில் முறை கேட்பான், மஞ்சளுக்குத் தண்ணி பத்தாது. நாலையும் ஒரே வரியில் கொட்டிவிட்டாய். முதல் ரெண்டும் நிலம் விற்கிற எந்த நாடகத்திலும் எந்த அண்ணனும் சொல்லக்கூடியவை, போகட்டும். தண்ணிதான் இந்த அண்ணனுடையது. வெளியாள் ஒருத்தன் பாதிக் கிணத்துக்குச் சொந்தக்காரனாக வந்தால் வாரத்தில் பாதி நாள் மோட்டார் அவன் கையில், ஒன்பது பத்து மாசம் தோட்டத்தில் நிற்கிற பயிருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் மேலே "கெணறு?" என்று ஒற்றைச் சொல்லில் கேட்க வைத்தேன். அவன் பயத்தை அவன் விளக்க வேண்டியதில்லை, எந்த இடத்தில் கேட்கிறான் என்பதே காட்டிவிடும்.

இப்போது நான் பயப்படுகிற இடம். குறைக்கும்போது முதலில் பறிபோவது காரணங்கள்தான். பீஸ் விஷயத்தை "நீளம்" என்று தூக்கிவிட்டாய் என்று வை, சின்னவன் காசுக்கு அலைகிறவனாகிவிடுவான், அப்புறம் பெரியவன் பக்கம் மட்டுமே நியாயம், சனம் முதல் நிமிஷத்திலேயே கட்சி சேர்ந்துவிடும், மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். அதனால் பீஸை எடுக்காதே, இடம் மாற்று. முதல் வரியில் அது வெறும் தகவல். "அடுத்த வருசம்?" என்ற கேள்விக்குப் பதிலாக வரும்போது அதுவே அடி. ரெண்டு பேரும் நியாயம்தான் பேசுகிறார்கள், ஒருத்தன் அடுத்த வருசத்தைப் பற்றி, இன்னொருத்தன் இந்த வருசத்தைப் பற்றி.

சண்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: சின்னவன் வரிகளை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு பெரியவன் வரிகளைத் தொடர்ந்து படி. அது தானாகவே ஒரு முழுப் பிரசங்கமாக ஓடினால் அவன் தம்பி பேசுவதைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். வரிக்கு வரி தொங்கி நிற்க வேண்டும், மறைத்த வரி இல்லாமல் புரியக்கூடாது. அதே மாதிரி நடுவில் பெரியவன் "விக்கக்கூடாது" என்று பல இடத்தில் சொல்கிறான். ஒரு முறை அதட்டலாக இருக்கட்டும், அடுத்தது "மஞ்ச வித்து நானே தவணைல குடுத்தர்றேன்" என்கிற பேரமாக இருக்கட்டும். மூன்றாவதாக அவனிடம் புது ஆயுதம் இல்லையென்றால் மூன்றாவது மறுப்பு வேண்டாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து குறைத்துவிடாதே. சில வரிகளில் 'ங்ணா'வை அடித்திருப்பதைப் பார்த்தேன். நம் பக்கத்துத் தம்பி அண்ணனிடம் எவ்வளவு கோபத்திலும் அதை விடமாட்டான், அதனால் அதைக் கடைசி வரை காப்பாற்று. பேரம் முறிகிற இடத்தில் "தவணைலயா? உனக்கென்ன, மோட்டார் ரூம் சாவி உங்கிட்ட" என்று ஒரே ஒரு முறை மரியாதை நழுவட்டும். அங்கே நீ எழுதியிருக்கிற பத்து வரி ஆத்திரமும் தேவைப்படாது. முன்னாலேயே அங்கங்கே 'ங்ணா' உதிர்ந்திருந்தால் இந்த இடம் யாருக்கும் உறைக்காது.

ஒரு வரிக்கு ஒரு வேலை என்றால் எல்லாம் ஒற்றைச் சொல் என்று எடுத்துக்கொள்ளாதே. பெரியவன் கிணத்தில் தூர் எடுத்த கதை சொல்கிறானே, ரெண்டு பேரும் கயிற்றில் இறங்கிச் சேற்றை அள்ளிய கதை, அது முக்கால் பக்கம். அது அப்படியே இருக்கட்டும். எழுந்துவிட்ட தம்பியை மறுபடி திண்ணையில் உட்கார வைப்பது அதன் ஒரே வேலை. அந்த வேலைக்கு அவ்வளவு நீளம் வேண்டும், அதற்கு முன்னால் எல்லாம் சின்னச் சின்ன வரிகளாக இருந்தால் சனம் காது கொடுத்துக் கேட்கும். அதற்குள் இருக்கிற "அந்தக் காலத்துல ஒத்துமையா இருந்தோம்" வரியை மட்டும் எடு, கதையே அதைச் சொல்லிவிடுகிறது.

கடைசியில் பெரியவன் பெண்டாட்டி, சின்னவனுக்கு நங்கையா, காப்பியோடு வந்து சொந்தபந்தத்தின் அருமை பற்றி ரெண்டு பேருக்கும் புத்தி சொல்கிறாள். அவள் ரெண்டு பக்கமும் சேராமல் பேசுவதால்தான் அந்த இடம் தொய்கிறது. இத்தனை வருசம் அந்தத் தோட்டத்தில் களை எடுத்தவள் அவள், அவளுக்கும் ஒரு தேவை இருக்கும். அது என்னவென்று முடிவு செய்து அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப எழுது. அப்புறம் யாராவது ரெண்டு பேரைச் சத்தமாகப் படிக்க வைத்து, போனில் நேரம் பார்த்து, எங்கே மூச்சு வாங்குகிறார்களோ அங்கே குறி வைத்து அனுப்பு. அந்தக் குறிகளை வைத்து மீதியைப் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்