ஊரணிப் படத்துக்கு உரை எழுதும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய உரையும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பரீட்சை, அதனால் வீட்டில் டிவிக்குத் தடை. அந்த அமைதியில்தான் நீ எழுதியதை ஆற அமரப் படித்தேன்.

இராமநாதபுரம் பக்கத்து ஊரணி ஒன்றைத் தூர்வாரிய கதையை ஒரு படத்துக்குள் அடக்குவது லேசான வேலை இல்லை. ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டியது, கரையை உயர்த்தியது, ஓரத்தில் கிணறும் மணல் வடிகட்டியும் கட்டியது என்று வேலைகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறாய். நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் ஊரில் மழைநீரை விட்டால் குடிக்க வேறு வழியில்லை என்பதும் தெளிவாக வந்திருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்கள் பேசும் இடம் வந்தாலே உரை விறைத்துக்கொள்கிறது. இந்தப் பத்தியைப் பார்:

‘தூர்வாரும் பணிகளுக்குப் பிறகு இக்கிராம மக்கள் பெரிதும் பயனடைந்துள்ளனர். பயனாளி ஒருவர் கூறுகையில், “முன்பு தண்ணீருக்கு மிகவும் கஷ்டப்பட்டோம். இப்போது நன்றாக இருக்கிறது. உதவியவர்களுக்கு நன்றி” என்றார்.’

அந்த அம்மா இதைச் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் திட்ட அதிகாரி நின்றிருப்பார், நீயும் “இந்தத் திட்டத்தால் என்ன பயன்?” என்று கேட்டிருப்பாய். அந்தக் கேள்விக்கு வேறு பதில் வராது. அதே அம்மாவின் பேச்சை முழுசாக எழுதி அனுப்பியிருக்கிறாயே, அதில் இரண்டு பக்கம் தள்ளிப் போனால் இது இருக்கிறது:

“ராத்திரி ரெண்டு மணிக்கு ஊத்துல போயி உக்காந்துருவோம். செரட்டையில மோந்து மோந்து ஊத்தி ஒரு குடம் நெறயறதுக்குள்ள கால் மரத்துப்போகும். ஆனா பேச்சு ஓடிக்கிட்டே இருக்கும். இப்ப தண்ணி வந்திருச்சு. அந்தப் பேச்சுதான் இல்ல.”

தண்ணீர் கிடைத்தது நல்லதுதான், ஆனாலும் ஏதோ ஒன்று போயிருக்கிறது. இதை அவர் சொல்லலாம். நீயோ நானோ சொன்னால் எடுபடாது. படத்தில் ஒருவர் தன் வாயால் பேசும் துண்டை, அதாவது பைட்டை, தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: உரையாசிரியன் தன் குரலிலேயே சொல்லிவிடக்கூடியதை பைட்டாக வைக்காதே. ‘கஷ்டப்பட்டோம்’ என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சிரட்டையை அவர்தான் சொல்ல முடியும்.

அடுத்தது, பைட்டுக்கு முன்னால் வரும் உன் வாக்கியம். ‘பெண்கள் இரவில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது’ என்று நீ சொல்லி முடித்ததும் அவர் அதையே சொன்னால், கேட்பவனுக்கு ஒரே செய்தி இரண்டு தடவை வருகிறது. அறிக்கை வாசனை பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. உன் வாக்கியம் அவர் பேச்சின் வாசல் வரை கொண்டுபோய் விட்டால் போதும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

‘கோடையில் ஊரணி காய்ந்துவிடும். காய்ந்த மண்ணைத் தோண்டினால் அடியில் கொஞ்சம் சுரக்கும். முந்தி வந்தவர்களுக்குத்தான் அது.’

இதற்குப் பிறகு நேராக அந்த அம்மா: “ராத்திரி ரெண்டு மணிக்கு...” ஏன் ரெண்டு மணி என்பது கேட்பவனுக்கே புரிந்துவிடும். ‘கூறுகையில்’, ‘என்றார்’ எதுவும் தேவைப்படவில்லை பார். பேசுகிறவர் யார் என்பதைப் படம் காட்டிவிடுகிறது. அச்சில் போடுவதாக இருந்தால், அவர் குடத்தை இறக்கி வைத்தார் என்று ஒரு செயலைச் சொல்லிவிட்டுப் பேச்சை அப்படியே வைத்துவிடலாம்.

பைட்டாக வைக்க முடியாத சின்னச் சின்னத் தகவல்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். நம் ஊர்ப் பேச்சிலேயே வழி இருக்கிறது. ‘தள்ளுவண்டியில் எட்டுக் குடம் ஏற்றலாமாம். மேட்டில் ஏறும்போது பின்னால் ஒருவர் தாங்க வேண்டுமாம்.’ அந்த ‘ஆம்’ போதும், சொன்னது ஊர்க்காரர்கள் என்று தெரிந்துவிடும், உரையும் நிற்காமல் ஓடும். ஆனால் நாலு வாக்கியத்துக்கு மேல் தொடர்ந்தால் வம்பு பேசுவது போல் ஆகிவிடும், பார்த்துக்கொள்.

எண்களை மட்டும் நீயே சொல். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. நீ அதை அப்படியே வைத்திருக்கிறாய். ஏறக்குறைய நாலு பிளாஸ்டிக் குடம் என்று சொல்லிவிட்டு, ஆறு பேர் இருக்கும் அந்த அம்மாவின் வீட்டுக்கு எத்தனை குடம் வந்துகொண்டிருந்தது என்று அவரையே சொல்லவிடு.

வெட்டும்போது ஒரு கவனம். ‘வந்து’, ‘அதாவது’ போன்றவற்றை எடுத்துவிடலாம். நடுவில் வெட்டிய இடத்தைக் கை, குடம், கயிறு என்று ஏதாவது காட்சியால் மூடலாம். ஆனால் ஆரம்பத்தில் சொன்னதையும் கடைசியில் சொன்னதையும் ஒட்டி ஒரே மூச்சில் சொன்னதாகக் காட்டக் கூடாது. இரண்டு பெண்கள் சொன்னதை ஒருவர் வாயில் வைப்பது அதைவிட மோசம். எடிட்டர் கேட்பார், நேரம் மிச்சமாகும் என்பார். மறுத்துவிடு. அச்சில் பேச்சுவழக்கை எழுதும்போது ஒலி ஒலியாகத் திரிக்கவும் வேண்டாம். ‘மோந்து’, ‘நெறயறதுக்குள்ள’ போதும், எல்லாச் சொல்லையும் உடைத்தால் பேசியவரைக் கேலி செய்வது போல் தெரியும்.

இனி அந்தப் பெரியவர் விஷயம். “கரைய ஒசத்துனீங்க, சரி. வரத்துக்கால்ல வீடு கட்டிட்டான், அத யாரு கேக்குறது? தண்ணி வரணும்ல?” என்று அவர் சொன்னதைப் பணம் கொடுத்தவர்கள் எடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அது போனால் படத்தில் மிஞ்சுவது நன்றி மட்டும்தான். நன்றியாகவே போகும் படத்தை ஊர்க்காரனே நம்ப மாட்டான். அவர்களிடம் ஒன்றைச் சொல்: வரத்துக்கால் அடைபட்டால் எவ்வளவு ஆழமாகத் தூர்வாரினாலும் ஊரணி நிறையாது, இரண்டு வருடம் கழித்து அங்கே போகிறவன் இதையேதான் கேட்பான். படத்தில் கரை உயர்ந்ததைக் காட்டிய கையோடு அவர் பேச்சை வை, அதற்குக் கீழே உன் குரலில் சமாதானம் எதுவும் வேண்டாம். முக்கியமாக இன்னொன்று: ஆக்கிரமித்தவர் அதே ஊரில்தான் இருக்கிறார். படம் வெளிவரும் முன்னால் பெரியவரைத் தனியாகச் சந்தித்து, போனில் போட்டுக் காட்டு. முகம் வேண்டாம் என்றால் குரலை மட்டும் வை, குரலும் வேண்டாம் என்றால் விட்டுவிடு. அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

மறுபடி அங்கே போவாய்தானே? அதிகாரி இல்லாத நேரமாகப் பார்த்து, விடியற்காலையில் போ. பயனைப் பற்றிக் கேட்காதே. “நேத்து எந்திரிச்சதுல இருந்து தண்ணிக்கு என்னென்ன செஞ்சீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசாமல் இரு. ஒப்பித்தது தீர்ந்த பிறகுதான் பேச்சு வரும்.

திருத்திய உரையைப் பொங்கலுக்கு முன்னால் அனுப்பு, அப்புறம் எனக்கு ஊர் வேலை இருக்கிறது. அம்மாவிடம் சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொன்னேன் என்று சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்