குறைந்தது விலையா, வேகமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் மாதாமாதம் பாதிப் பக்கத்துக்கு வரும் ஒரு செய்தியைப் பற்றி எழுதுகிறேன். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 12-ம் தேதி வாக்கில் விலைக் குறியீட்டை வெளியிட்டதும், மறுநாள் 'சில்லறைப் பணவீக்கம் குறைந்தது' என்றோ 'உயர்ந்தது' என்றோ தலைப்புப் போடுகிறீர்கள். உள்ளே இருக்கும் எண்களில் தப்பு இருப்பதில்லை. ஆனால் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் பையோடு போகிறவர் 'குறைந்தது' என்ற தலைப்பைப் பார்த்தால் விலை இறங்கிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். அங்கே போய்த் தக்காளி விலையைக் கேட்டதும், பேப்பர்காரர்கள் வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கே கோளாறு என்று காட்ட, 2024 ஆகஸ்ட்டில் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்த செய்தியையே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு ஜூன் மாதம் 5.08 சதவீதமாக இருந்த சில்லறைப் பணவீக்கம் ஜூலையில் 3.54 சதவீதமாகக் குறைந்தது, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் இவ்வளவு குறைந்ததில்லை என்பது செய்தி.

இந்த 3.54 எங்கிருந்து வருகிறது? அப்போதைய கணக்கில், 2012-ல் ஒரு சராசரிக் குடும்பம் வாங்கிய பொருள்களின், செலுத்திய வாடகை, பஸ் கட்டணம் போன்றவற்றின் விலையை 100 என்று வைத்திருந்தார்கள். அதே பொருள்கள் 2022 ஜூலையில் 173.4-க்கு வந்து நின்றன. 2023 ஜூலையில் 186.3. 2024 ஜூலையில் 192.9. அதாவது முதல் ஓராண்டில் 12.9 புள்ளி ஏறியது, அடுத்த ஓராண்டில் 6.6 புள்ளி ஏறியது. 12.9-ஐ 173.4-ஆல் வகுத்தால் 7.44 சதவீதம், 6.6-ஐ 186.3-ஆல் வகுத்தால் 3.54 சதவீதம். நீங்கள் தலைப்பில் போட்டது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

எந்த இடத்திலும் விலை இறங்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2022 ஜூலையில் 1,000 ரூபாய்க்கு முடிந்த செலவு, மறுவருடம் 1,074 ரூபாய் ஆனது. அதற்கு அடுத்த வருடம் சுமார் 1,112 ரூபாய். முதலில் 74 ரூபாய் ஏறியது, பிறகு 38 ரூபாய் ஏறியது. குறைந்தது அந்த ஏற்றத்தின் வேகம் மட்டும்தான். இன்னும் வேடிக்கை, 2024 ஜூன் மாதத்தோடு ஒப்பிட்டால்கூட ஜூலையில் விலைக் குறியீடு ஏறித்தான் இருந்தது. ஆக, விலை ஏறிய ஒரு மாதத்தைப் பற்றி 'குறைந்தது' என்று தலைப்பு வந்திருக்கிறது!

ஏறிய மாதத்தில் பணவீக்கம் எப்படிக் குறையும்? காரணம் முந்தைய ஆண்டில் இருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றதும், தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பலமநேர், மதனப்பள்ளிப் பக்கத்துத் தக்காளியை நம்பியிருக்கும் எங்கள் ஊரிலும் அதே கதைதான். அந்த மாதம் நாடு முழுவதும் காய்கறி விலை ஓராண்டில் 37 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. 2024 ஜூலையின் விலையை இப்படி எகிறிக் கிடந்த ஒரு மாதத்தோடு ஒப்பிட்டதால் வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தது. தங்கள் நிருபர்கள் இதை 'அடிப்படை விளைவு' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். 'சென்ற ஆண்டு இதே மாதம் விலை உச்சத்தில் இருந்ததால், அதோடு ஒப்பிடும்போது ஏற்றம் குறைவாகத் தெரிகிறது' என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் புரியும். அந்த வரி இல்லாததால் அடுத்து நடந்ததும் வாசகருக்குப் புதிராகிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 5.49, அக்டோபரில் 6.21 என்று திரும்பவும் ஏறியது. 3.54-ஐப் பார்த்து உடனே வட்டி குறையும் என்று காத்திருந்தவர்கள், ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி வரை வட்டியைத் தொடாததைப் பார்த்து எரிச்சலானார்கள். வங்கிக்கு அந்த எண்ணின் பின்கதை தெரிந்திருந்தது, வாசகருக்குச் சொல்லப்படவில்லை.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே தொழிலாளர்களுக்குப் பணவீக்கம் என்று சொன்னால் புரியாது. ஆனால் பஞ்சப்படி புரியும். குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி, சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை வைத்துக் கணக்கிடப்படுகிறது. முந்தைய ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியைப் பார்த்து, ஏறிய ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு என்று ஏப்ரல் 1 முதல் கூட்டித் தர வேண்டும். அதனால் மார்ச் பிறந்தாலே, "சார், பாயின்ட் எவ்வளவு ஏறியிருக்கு?" என்று ஜன்னல் பக்கம் வந்து கேட்பார்கள். இந்தக் கேள்வியில் குழப்பமே கிடையாது. அவர்கள் கேட்டது விலை எத்தனை புள்ளி ஏறியிருக்கிறது என்று. அது ஆலைத் தொழிலாளர்களுக்கான தனிக் குறியீடு, தாங்கள் வெளியிடுவது நாடு முழுமைக்கும் உள்ளது. கணக்கு முறை மட்டும் ஒன்றுதான்.

பேப்பரில் 'பணவீக்கம் குறைந்தது' என்று வந்த வாரங்களில் மட்டும் கேள்வி மாறும். "அப்படீன்னா இந்த வருஷம் பஞ்சப்படி குறையுமா சார்?" என்பார்கள். குறையாது, புள்ளி ஏறியிருக்கிறது, போன வருடம் அளவுக்கு ஏறவில்லை, அவ்வளவுதான் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.

பணவீக்கம் என்ற சொல்லைத் தூக்கிவிட்டுப் புதுச்சொல் ஒன்றைக் கண்டுபிடியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்ட சொல், அதன் இடத்தில் இருக்கட்டும். தலைப்பில் 'விலைவாசி ஏறும் வேகம் குறைந்தது' என்று போடுங்கள். எழுத்து கொஞ்சம் கூடும், உதவி ஆசிரியர் முனகுவார். செய்தியின் முதல் பத்தியிலேயே சென்ற ஆண்டு குறியீடு இத்தனை, இந்த ஆண்டு இத்தனை என்று இரண்டு எண்களையும் தந்துவிடுங்கள். 'சில்லறை' என்ற அடைமொழியையும் கொஞ்சம் யோசியுங்கள். எங்கள் பக்கம் சில்லறை விஷயம் என்றால் அற்ப விஷயம். 'கடை விலை' என்றாலே போதும்.

கடை விலை என்று சொல்வதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மொத்த விலைக் குறியீடு என்று வேறொன்று 14-ம் தேதி வாக்கில் வருகிறதே, அதையும் தாங்கள் வெறும் 'பணவீக்கம்' என்றே தலைப்பில் போடுவதுண்டு. மேலே சொன்ன 2023 ஜூலையையே பாருங்கள். கடை விலை 7.44 சதவீதம் ஏறிய அதே மாதத்தில் மொத்த விலைக் குறியீடு 1.36 சதவீதம் இறங்கியிருந்தது. தக்காளி நூறு ரூபாய் விற்கும்போது பணவீக்கம் மைனஸ் என்று படித்தால் யார் நம்புவார்கள்? இரண்டும் உண்மைதான். அப்போதைய மொத்த விலைக் குறியீட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆலை உற்பத்திப் பொருள்கள்தான் இருந்தன. கச்சா எண்ணெய், உலோகம், ரசாயனம் எல்லாம் முந்தைய ஆண்டைவிட மலிந்திருந்ததால் அது இறங்கியது. அப்போதைய கடை விலைக் குறியீட்டிலோ உணவும் பானமும் மட்டுமே 45 சதவீதத்துக்கு மேல் இருந்தன. எது எந்த விலை என்று தலைப்பிலேயே தெரிய வேண்டும்.

நிதிப்பற்றாக்குறை செய்தியிலும் இதே 'குறைந்தது' வந்து ஆளைக் குழப்புகிறது. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில், நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 5.1 சதவீதம் என்று பிப்ரவரியில் சொன்னதை 4.9 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். படித்தவர்களில் பலர் அரசின் கடன் குறைந்துவிட்டது என்றே புரிந்துகொண்டார்கள். கணக்கு வேறு. அந்த ஆண்டுச் செலவு ஏறக்குறைய 48.2 லட்சம் கோடி ரூபாய், கடன் நீங்கலாக வரவு ஏறக்குறைய 32.1 லட்சம் கோடி. துண்டு விழும் 16.1 லட்சம் கோடியைப் புதிதாகக் கடன் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். பழைய கடன் அப்படியே இருக்க, அதன் தலைமேல் இது ஏறுகிறது. துண்டு விழுதல் என்று நம் வீடுகளில் சொல்வது இங்கே அழகாகப் பொருந்தும். அது மட்டும் போதாது, ஏனென்றால் வருவாய்ப் பற்றாக்குறையையும் துண்டு என்பார்கள். 'இந்த ஆண்டு அரசு புதிதாக வாங்கும் கடன்' என்று முதல் தடவை விரித்து எழுதிவிட்டு, பிறகு நிதிப்பற்றாக்குறை என்று சொல்லிக்கொண்டு போகலாம்.

ரிசர்வ் வங்கிச் செய்தியில் ஒரே ஒரு வேண்டுகோள். வங்கியின் வட்டி முடிவுகளை 'நிதிக் கொள்கை' என்று எழுதுகிறீர்கள். நிதியமைச்சர் போடும் வரியையும் செலவையும் பற்றி எழுதும்போதும் அதே நிதிக் கொள்கைதான். டெல்லியில் பட்ஜெட் போடுகிறவர் ஒருவர், மும்பையில் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கிற குழு வேறு என்பதே இதில் அழிந்துபோகிறது. வங்கியுடையதை 'பணக் கொள்கை' என்று எழுதுகிற பத்திரிகைகளும் இருக்கின்றன, அந்த வழக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். தலைப்பில் 'வட்டி முடிவு' என்றாலே விஷயம் வந்துவிடும். அப்புறம், 2025 பிப்ரவரியில் ரெப்போ வட்டி 6.50-லிருந்து 6.25 ஆனபோது '25 அடிப்படைப் புள்ளிகள் குறைப்பு' என்று பலர் எழுதினார்கள். நூறு அடிப்படைப் புள்ளி சேர்ந்தால் ஒரு சதவீதம் என்று வாசகர் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? பஞ்சப்படிப் புள்ளிக்குப் பழகியவர் இதையும் அதுவென்றே நினைப்பார். கால் சதவீதம் என்று எழுதுங்கள்.

அடுத்த மாதம் 12-ம் தேதிச் செய்தியிலேயே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர்.