கடைசிச் சம்பளம் 3,200 வெள்ளி

மதிப்பிற்குரிய ஆட்சேர்ப்பு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை காலை நீங்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். கணக்குப் பிரிவில் ஒரு வேலைக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். என் பெயரைப் பார்த்துவிட்டுப் பாதியில் தமிழுக்கு மாறினீர்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறு நிமிடம் பேசினோம். ஏன் பன்னிரண்டு ஆண்டு வேலை செய்யவில்லை, மனைவி வேலைக்குப் போகிறாரா, கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவு என்று மூன்று கேள்விகள் கேட்டீர்கள். பிறகு, "இடைவெளி பெரியது அண்ணா, முதலாளிகள் யோசிப்பார்கள்" என்றீர்கள். கணக்கைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அதனால்தான் இந்த மடல். உங்களைப் போலவே இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல அன்று நேரம் கிடைக்கவில்லை. 2013 இறுதியில் மகன் குறைமாதத்தில் பிறந்தான். மனைவி தாதி; இரவுப் பணியும் உண்டு. இருவரில் ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலையில், 2014 பிப்ரவரியில் நான் விலகினேன். மகன் இவ்வாண்டு உயர்நிலை ஒன்றில் சேர்ந்துவிட்டான். பள்ளிக்கு அவனே பஸ் ஏறிப் போகிறான். நான் திரும்பி வருவதற்கு இதுவே காரணம். மனைவி வேலைக்குப் போகிறாரா என்பது என் வேலைத் திறனோடு எந்த விதத்திலும் சேராது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களுள் பராமரிப்புப் பொறுப்பும் ஒன்று. அந்தக் கேள்வியை இனி யாரிடமும் கேட்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையில் என்னை உறுத்தியது மூன்றாவது கேள்வி. உங்கள் இணையப் படிவத்தில் 'கடைசிச் சம்பளம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. 3,200 வெள்ளி என்று உண்மையை எழுதினேன். விளம்பரத்தில் அந்த வேலைக்கு 4,200 முதல் 4,600 வெள்ளி வரை என்று போட்டிருந்தது. நீங்களோ, "3,400 கேட்டுப் பார்க்கலாம்" என்றீர்கள். நான் விலகியபோது மத்திய சேமநிதிச் சந்தா கணக்கிடும் மாதச் சம்பள உச்சவரம்பு 5,000 வெள்ளி. இந்த ஆண்டு அது 8,000 வெள்ளி. நாட்டின் வரம்பே இவ்வளவு நகர்ந்திருக்கும்போது, என் விலை மட்டும் 2014 பிப்ரவரியில் எப்படி நின்றுபோகும்? நிறுவனம் ஒரு வேலைக்கு ஒரு தொகையை ஒதுக்குகிறது. அந்த வேலையை நான் செய்ய முடியுமானால் அந்தத் தொகைக்குள் பேசுவோம். செய்ய முடியாதென்றால் 3,400-க்கும் என்னை எடுக்க வேண்டாம்.

செய்ய முடியுமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2024 மே மாதம் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையாக 4,000 வெள்ளி கிடைத்ததல்லவா, அதில் ஒரு பகுதியைக் கொண்டு பொருள் சேவை வரி வகுப்பில் சேர்ந்தேன். 5 விழுக்காடு 7 ஆன 2007 ஜூலையில் நான் அலுவலகத்தில் இருந்தேன். 2023-இல் 8 ஆனதும் 2024-இல் 9 ஆனதும் நான் வீட்டில் இருந்தபோது நடந்தவை. ஆசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தார். குளிர்சாதனப் பழுதுபார்ப்புக்கு 2,000 வெள்ளி; 2023 டிசம்பர் 18-இல் 8 விழுக்காட்டு வரியுடன் இன்வாய்ஸ் போட்டாயிற்று. பாதிப் பணம் டிசம்பர் 28-இல் வந்தது. வேலை நடந்ததும் மீதிப் பணம் வந்ததும் ஜனவரியில். வரி எவ்வளவு?

வகுப்பில் பலர் இன்வாய்ஸ் தேதியை மட்டும் பார்த்து 160 வெள்ளி என்றார்கள். இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி, வேலை முடிந்த தேதி ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது 2007-இல் என் மேலாளர் எனக்குப் பழக்கிய வழக்கம். டிசம்பரில் வந்த 1,000 வெள்ளிக்கு 8 விழுக்காடு, அதாவது 80. மற்ற 1,000 வெள்ளிக்குப் பணமும் வேலையும் விகிதம் மாறிய பிறகே வந்ததால் 9 விழுக்காடு, அதாவது 90. ஆக மொத்தம் 170. அந்தப் பாதிக்குப் பழைய இன்வாய்ஸை கிரெடிட் நோட் போட்டுக் கழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். விகிதங்களை யாரும் ஒரு மதிய நேரத்தில் படித்துக்கொள்ளலாம். எந்த மூன்று தேதிகளைத் தேடுவது என்பது கை பழகினால்தான் வரும். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

என் விண்ணப்பத்தில் ஒரு சமூக அமைப்பின் பொருளாளராக மூன்று ஆண்டு இருந்ததை எழுதியிருந்தேன். "அது தொண்டூழியம்தானே" என்று கடந்துபோனீர்கள். ரசீதுகள் ஒரு பிஸ்கட் டின்னில் என் கைக்கு வந்தன. வெப்பத்தாளில் அச்சடித்தவை பாதி மங்கிப்போய், விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எண் தெரிந்தது. அன்றிரவே எல்லாவற்றையும் நகலெடுத்தேன். வங்கி அறிக்கைக்கும் எங்கள் ஏட்டுக்கும் 360 வெள்ளி இடித்தது. 360 ஒன்பதால் வகுபடும். அப்படி வந்தால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று தேடுவது கணக்கர் வழக்கம். நாற்பது நிமிடத்தில் கிடைத்தது: மண்டப வாடகை 1,620 வெள்ளியை யாரோ 1,260 என்று எழுதியிருந்தார்கள். சம்பளம் வாங்காமல் செய்தேன் என்பதால் அந்த 360 வெள்ளி பொய்யாகிவிடாது.

எனக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் வந்த குத்தகைக் கணக்கியல் விதியைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். உண்மையான ஒரு நிறுவனத்தின் கணக்கில் போட்டுப் பார்த்ததில்லை. இணையவழிக் கணக்கு மென்பொருளில் முதல் மாதம் மெதுவாகத்தான் இருப்பேன். புதன்கிழமைகளில் மகனைச் சிகிச்சைக்கு அழைத்துப் போக மாலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும்; அந்த நேரத்தைக் காலையில் ஈடுகட்டுவேன். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் தகுதிகாண் காலத்தை முடித்தவர்களுக்கே பொருந்தும் என்பதை அறிவேன். ஆகவே உரிமையாகக் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு சொல்லி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம் என்று இப்போதே சொல்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒரு மணி நேரம். ஒரு மாத வங்கி அறிக்கையையும் அதே மாத ஏட்டையும் பெயர்களை மறைத்துவிட்டுக் கொடுங்கள். ஏட்டில் பதியாத வங்கிக் கட்டணம், இன்னும் வங்கிக்குப் போகாத காசோலை, இன்வாய்ஸ் எண் இல்லாமல் பேநவ் வழி வந்த பணம், இரண்டு முறை பதிந்த செலவு எல்லாம் அதில் இருக்கட்டும். உங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறேன். ஒத்துப்போகாத ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதியிருப்பேன். நேற்றுவரை வேலையில் இருந்த இன்னொருவருக்கும் அதே தாள்களைக் கொடுங்கள். இரண்டையும் முதலாளியின் மேசையில் வையுங்கள். படிவத்தில் கடைசிச் சம்பளம் இருக்கும் பக்கத்தை மட்டும் அவற்றோடு சேர்க்காதீர்கள்.

வார நாள்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் எப்போது அழைத்தாலும் எடுப்பேன். புதன்கிழமை மட்டும் நான்கு மணிக்கு முன்.

அன்புடன்,
உயர்நிலை ஒன்றில் படிக்கும் மாணவனின் தந்தை, ஈசூன்