உருண்டையைத் தொடச் சொன்ன உங்கள் சேவைப் பிரிவு பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மேலாளர் அவர்கள்

பொருள்: அரபு மொழியில் மாட்டிக்கொண்ட ஆப், தவறான வழிகாட்டுதலால் மாறிப்போன 212 பழைய பதிவுகள், வேலை செய்யாத கமெண்ட் ஃபில்டர்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 19 நாளில் இது என்னுடைய எட்டாவது கடிதம். முந்தைய ஏழு டிக்கெட்டையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டீர்கள். எது தீர்ந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானும் தெரிந்துகொண்டிருப்பேன். இந்த முறையாவது கடைசி வரி வரை படித்துவிட்டுப் பதில் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். நண்பரின் போனில் ஒருமுறை லாக்-இன் செய்தேன். அந்தப் போன் அரபு மொழியில் இருந்தது. அன்றிலிருந்து என் போனிலும் ஆப் அரபுதான் காட்டியது. போன் மொழி தமிழ், மற்ற ஆப்கள் எல்லாம் தமிழ். ஆக, மொழித் தேர்வை நீங்கள் போனிலிருந்து எடுக்கவில்லை, கணக்கோடு சேர்த்து உங்கள் சர்வரில் வைத்திருக்கிறீர்கள் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. உங்கள் ஆட்களுக்கு மட்டும் தெரியவில்லை. போன் மொழியை மாற்றுங்கள் என்று மூன்று முறை சொன்னார்கள், மாற்றினேன். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்று இரண்டு முறை சொன்னார்கள், அதையும் செய்தேன். மொழி அப்படியே இருந்தது. போனிலேயே சேமித்து வைத்திருந்த 14 டிராஃப்ட் மட்டும் காணாமல் போயின. டிராஃப்ட் சர்வருக்குப் போவதில்லை, அழித்தால் திரும்ப வராது என்று அழிக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

பிறகு "இது போன் கோளாறு, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்றார் ஒருவர். போனேன். அரை நாள் காத்திருந்தேன். அங்கிருந்தவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "மொழி தமிழ்னுதானே இருக்கு, எதைச் சரி பண்றது?" என்று சிரித்தார். அந்த அரை நாளுக்கு யார் பதில் சொல்வது?

இப்போது உங்கள் சாட் ஏஜென்ட் ஒருவரைப் பற்றி. பெயர் வேண்டாம், டிக்கெட் வரலாற்றில் இருக்கும். மொழியை எங்கே மாற்றுவது என்று கேட்டேன். "உருண்டை ஐகானைத் தொடுங்கள்" என்றார். உங்கள் ஆப்பில் பூமி உருண்டைப் படம் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். செட்டிங்ஸ் பட்டியலில் இருக்கும் உருண்டை மொழிக்கானது. பதிவின் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக நிற்கும் உருண்டை "எல்லோரும் பார்க்கலாம்" என்பதைக் காட்டுவது. எழுத்துப் படிக்கத் தெரியாத திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? நான் பதிவில் இருந்ததைத் தொட்டேன், ஒரு பட்டியல் விரிந்தது. முதல் வரியிலும் உருண்டை. "ஆமாம், அதைத்தான்" என்றார். தொட்டேன். அந்தப் பெட்டி மொழிப் பெட்டியே இல்லை, பார்வையாளர் பெட்டி. அதோடு விட்டதா? அந்தப் பெட்டி கடைசியாகத் தேர்ந்தெடுத்ததை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்து நான் போட்ட குடும்பப் படங்கள் மூன்றும் ஊருக்கே திறந்து கிடந்தன. யாரோ முன்பின் தெரியாதவர் கமெண்ட் போட்ட பிறகுதான் கவனித்தேன்.

இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "படிக்கத் தெரியாத மொழியில் ஏன் ஆப் வைத்திருக்கிறீர்கள்?" ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.

ஆப் அரபுக்கு மாறும்போது எழுத்து மட்டும் மாறுவதில்லை, திரையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிவிடுகிறது. மெனு இடதுபக்க மூலைக்குப் போய்விடும். பின்செல்லும் அம்புக்குறி வலதுபக்கம் வந்து வலப்பக்கமே காட்டும். "வலது மேல் மூலையைத் தொடுங்கள்" என்று உங்கள் ஆட்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் திரையைவிட்டு வெளியே வந்ததற்குக் காரணம் இதுதான். ஆன், ஆஃப் சுவிட்சும் திரும்பிவிடுகிறது. குமிழ் வலப்பக்கம் இருந்தால் ஆன் என்று பழகிய கைக்கு, இங்கே இடப்பக்கம் இருந்தால்தான் ஆன். ஸ்டோரியைச் சிலரிடமிருந்து மறைக்கும் சுவிட்சை "வலப்பக்கம் தள்ளுங்கள்" என்றார் இரண்டாவது ஏஜென்ட். தள்ளினேன். மறைத்து வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஸ்டோரி போய்ச் சேர்ந்தது. நிறத்தைப் பாருங்கள், நீலமாக இருந்தால் ஆன், சாம்பலாக இருந்தால் ஆஃப் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நிறம் எந்த மொழியிலும் திரும்பாது.

அந்த ஸ்டோரியின் பார்வையாளர் வட்டத்தைப் போட்ட பிறகு மாற்றவும் உங்கள் ஆப் விடுவதில்லை. அழித்துவிட்டு மறுபடி போடுவது ஒன்றே வழி. "24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும், காத்திருங்கள்" என்ற பதிலுக்கு என்ன சொல்வது? யார் பார்க்கக் கூடாதோ அவர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே பார்த்துவிட்டார்கள். கண் ஐகானைத் தொட்டால் வரும் பட்டியலில் பெயர்கள் வரிசையாக நின்றன.

முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன், மன்னிக்கவும், கோபத்தில் வரிசை தப்பிவிட்டது. திறந்து கிடந்த அந்த மூன்று படத்தையும் எப்படி மூடுவது என்று கேட்டேன். சரியான பதில் சுலபமானது. ஒவ்வொரு பதிவிலும் உருண்டையைத் தொட்டு, இரண்டு தலை இருக்கும் ஐகானைத் தேர்ந்தெடுத்தால் நண்பர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும். பூட்டு ஐகானைத் தொட்டால் எனக்கு மட்டும். மூன்று பதிவுக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. உங்கள் ஏஜென்ட் என்ன சொன்னார்? "செட்டிங்ஸில் மூன்றாவது வரியைத் தொட்டு, வரும் பெட்டியில் அடர்த்தியான நிறத்தில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள்." அழுத்தினேன். அது பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே அடியில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் பொத்தான். ஆறு வருடமாக எல்லோருக்கும் பொதுவாக நான் எழுதிவந்த மிதிவண்டிப் பழுதுபார்ப்புக் குறிப்புகள் 212 பதிவும் ஒரு நொடியில் மூடிக்கொண்டன. திரும்பப் பெறும் பொத்தான் கிடையாது. ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். எச்சரிக்கைப் பெட்டி வந்ததே என்றார். வந்தது, அரபியில்! ஆறு வருட உழைப்பு மண்ணாகிவிட்டது, வாசகர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், இதற்கு விலை போட முடியாது.

அவர் சொன்ன மூன்றாவது வரி அவருடைய வெர்ஷனில் வேறு எதுவாகவோ இருந்திருக்கலாம். அப்டேட்டுக்கு அப்டேட் வரிகள் இடம் மாறும் ஆப்பில் வரி எண்ணை வைத்து வழி சொல்லலாமா? ஐகானைச் சொல்லியிருந்தால் இது நடந்தே இருக்காது.

மூன்று படமும் மூடியபின், பொதுப் பதிவுகளைத் திறக்கத் திறக்க அந்தப் பெயர் தெரியாதவர் கமெண்டில் வசைபாட ஆரம்பித்தார். கமெண்ட் ஃபில்டர் போடலாம் என்று உங்கள் ஏஜென்டே 31 வார்த்தைப் பட்டியலை அனுப்பினார். அப்படியே ஒட்டினேன். ஒன்றும் மறையவில்லை. வார்த்தைகளுக்கு நடுவில் ஏஜென்ட் போட்டிருந்தது அரபுக் காற்புள்ளி, தலைகீழாகத் திரும்பியிருக்கும் இது: ، உங்கள் ஃபில்டர் பிரித்துப் பார்ப்பது சாதாரணக் காற்புள்ளியில் மட்டும். அதனால் 31 வார்த்தையும் சேர்ந்து ஒரே நீண்ட சொற்றொடராகிவிட்டது. அவ்வளவு நீளமாக யாரும் திட்டமாட்டார்கள். பெட்டிக்குக் கீழே எண்ணிக்கை 31-க்குப் பதிலாக 1 என்று காட்டியதைக் கவனித்துத்தான் நானே கண்டுபிடித்தேன். காற்புள்ளிகளை மாற்றியதும் 31 ஆனது.

அதன் பிறகும் பாதி வசவுதான் மறைந்தது. உங்கள் ஃபில்டர் முழுச் சொல் பொருந்தினால்தான் பிடிக்கிறது. "முட்டாள்" என்று கொடுத்தால் "முட்டாளே", "முட்டாளுக்கு" இரண்டும் தாராளமாக உள்ளே வருகின்றன. தமிழில் உருபு சேரும்போது புள்ளி போய் எழுத்தே மாறிவிடும், அதனால் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக எழுத வேண்டியிருக்கிறது. "பொறுக்கி" இன்னும் மோசம். "பொ" என்பதன் ஒகரக் குறியை யூனிகோட் என்ற கணினி எழுத்துக் குறியீட்டில் U+0BCA என்ற ஒரே குறியாகவும் வைக்கலாம், U+0BC6, U+0BBE என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத உங்கள் ஃபில்டருக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். என் கீபோர்டில் அடித்தது பிடிக்கவில்லை. வந்த கமெண்டிலிருந்தே சொல்லை நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டிய பிறகுதான் பிடித்தது. இந்த வழியை உங்கள் உதவிப் பக்கத்தில் போட்டால் தமிழில் எழுதும் மற்றவர்களாவது தப்பிப்பார்கள்.

மொழி கடைசியில் எப்படித் திரும்பியது தெரியுமா? செட்டிங்ஸ் பட்டியலில் இருக்கும் உருண்டையைத் தொட்டால் வரும் மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருக்கிறது. கீழே தள்ளிக்கொண்டே போனால் "தமிழ்" என்று தமிழிலேயே நிற்கிறது. 19 நாள், ஏழு டிக்கெட், நான்கு சாட், ஒரு சர்வீஸ் சென்டர் அலைச்சல். "செட்டிங்ஸ் உருண்டைக்குள் போய்த் தமிழ் என்று தேடுங்கள்" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஆகவே கேட்கிறேன். அந்த 212 பதிவின் பார்வையாளர் தேர்வை உங்கள் தரப்பிலிருந்தே பழைய நிலைக்கு மாற்றித் தாருங்கள், மாற்றத்துக்கு முன் என்ன இருந்தது என்ற பதிவு உங்கள் சர்வரில் இருக்கத்தான் வேண்டும். நான் கையால் 37-ஐத் திறந்துவிட்டேன், மீதி 175. திரும்பப் பெற முடியாத பொத்தானுக்கு முன் வரும் எச்சரிக்கையைப் போன் மொழியிலும் சேர்த்துக் காட்டுங்கள். இரண்டு உருண்டையில் ஒன்றை மாற்றுங்கள். உருண்டையைத் தொடச் சொன்ன ஏஜென்டிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு வேண்டும்.

உங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. பத்து நாள் காத்திருப்பேன். அதற்குள் மனிதர் எழுதிய பதில் வராவிட்டால், ஸ்கிரீன்ஷாட் அத்தனையோடும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன், ஆப் ஸ்டோரிலும் எழுதுவேன். இந்த டிக்கெட்டையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடினால் பத்து நாள்கூடக் காத்திருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஆறு வருடமாக உங்கள் ஆப்பைப் பயன்படுத்தும் பயனர்

இணைப்பு: ஸ்கிரீன்ஷாட் 22, சாட் நகல் 4