மாதக் கணக்கு முடிக்கும் பட்டியலைப் பற்றி, கணக்குப் பிரிவு மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தணிக்கை வேலைக்காக உங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்கு வந்து போகிறவன் நான். மாதக் கடைசியில் கணக்கை முடிக்க ஒரு செக்லிஸ்ட் அநேகமாக எல்லோரிடமும் இருக்கிறது. 'பேங்க் ரீகன்சிலியேஷன் - ✓', 'ஜிஎஸ்டி - ✓', 'டிடிஎஸ் - ✓' என்று வரிசையாக டிக் விழுந்திருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் பாதி வேலை நடந்திருக்காது. பட்டியல் கேட்பதே ஒரு டிக்தான் என்னும்போது, பையன்களைத் திட்டி என்ன பயன்?

வரிக்குப் பக்கத்தில் டிக் போட இடம் விடாதீர்கள், எண் எழுத இடம் விடுங்கள். பேங்க் வரியையே எடுத்துக்கொள்வோம். ஸ்டேட்மென்ட்டில் கடைசி நாள் இருப்பு 4,57,600 ரூபாய், டேலியில் 4,12,600, வித்தியாசம் 45,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் எழுத வேண்டும். கூடவே, 'பாஸாகாத செக்குகளில் மிகப் பழையதன் தேதி' என்று ஒரு கட்டம். 45,000 என்பது நாம் கொடுத்து இன்னும் பாஸாகாத 30,000, 15,000 ரூபாய்ச் செக்குகள் என்றால் கூட்டல் சரியாகத்தான் வரும், டிக்கும் விழுந்துவிடும். ஆனால் அந்த 15,000 ரூபாய்ச் செக் நான்கு மாதம் பழையது என்பது தேதிக் கட்டம் இருந்தால்தான் கண்ணில் படும். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான். அதற்கு மேல் அதை ரத்து செய்து, சப்ளையர் கணக்கில் பாக்கியாகத் திருப்பி எழுத வேண்டும். இல்லாவிட்டால் கொடுக்காத பணத்தைக் கொடுத்ததாகவே புத்தகம் சொல்லிக்கொண்டிருக்கும்.

அடுத்தது தேதி. ஒவ்வொரு மாதமும் தேதிகளைக் கையால் மாற்றுகிறவர்கள் ஏதாவது ஒன்றை மாற்ற மறப்பார்கள். இதில் இரண்டு வகை தேதிகள் இருக்கின்றன, இரண்டையும் கலக்கக் கூடாது. நம் உள்வேலைகளுக்கு 'மாதம் முடிந்து மூன்றாவது வேலை நாள்' என்கிற மாதிரி கணக்கு. அரசாங்கக் கெடுக்கள் காலண்டர் தேதிகள்: டிடிஎஸ் 7, மாதா மாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 11, பிஎஃப், இஎஸ்ஐ 15, ஜிஎஸ்டிஆர்-3பி 20. எக்செல்லில் B1 கட்டத்தில் முடிக்கிற மாதத்தின் ஏதாவது ஒரு தேதியையும், H பத்தியில் விடுமுறைகளையும் போட்டுவிட்டால் மற்றது தானாக வரும்:

```
=WORKDAY.INTL(EOMONTH($B$1,0),3,11,$H$2:$H$20)
=EOMONTH($B$1,0)+7
```

முதல் வரி மூன்றாவது வேலை நாள், இரண்டாவது அடுத்த மாதம் 7. அந்த 11 எதற்கு என்றால், ஞாயிறு மட்டும் விடுமுறை என்று சொல்ல. சாதாரண WORKDAY சனிக்கிழமையையும் விடுமுறையாக எடுத்துக்கொள்ளும், நம்மூரில் எத்தனை ஆபீஸுக்குச் சனி லீவு? மார்ச் மாத டிடிஎஸ்ஸுக்குக் கெடு ஏப்ரல் 30 என்பதால், 'எந்த மாதங்களில்' என்று ஒரு பத்தியும் வேண்டும். காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் வரியும் அதற்குள் அடங்கிவிடும். பத்தி இல்லாவிட்டால், இந்த மாதம் வேலையே இல்லாத வரிக்கும் டிக் போடுகிற பழக்கம் வந்துவிடும். அப்புறம் அது மற்ற வரிகளுக்கும் பரவும்.

நான் அதிகம் பார்க்கிற கோளாறு இனிமேல்தான். பட்டியலின் முதல் வரியாக, போன மாதப் புரவிஷனைத் திருப்பி எழுதுவது இருக்க வேண்டும். மார்ச்சில் லாரி வாடகை பில் வரவில்லை, 40,000 ரூபாய் புரவிஷன் போட்டீர்கள். ஏப்ரலில் 42,000-க்கு பில் வந்து செலவில் ஏறியது. 40,000-ஐத் திருப்பியிருந்தால் ஏப்ரல் செலவில் 2,000 மட்டும் நிற்கும். திருப்பாவிட்டால் முழு 42,000-மும் நிற்கும், புரவிஷன் கணக்கில் அந்த 40,000 வருஷக்கணக்கில் தூங்கும். 'புரவிஷன் போட்டாயிற்றா' என்ற வரி எல்லோர் பட்டியலிலும் இருக்கிறது. திருப்பும் வரியைத்தான் காணோம், ஏனென்றால் அது வேறு மாதத்து வேலை. அங்கே எழுத வேண்டிய எண், திருப்பிய பிறகு புரவிஷன் கணக்கில் நிற்கும் இருப்பு. அது பூஜ்யமாக இல்லையென்றால் பக்கத்தில் காரணம் வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு ஆளின் பெயர் போடுங்கள். 'அக்கவுண்ட்ஸ் டீம்' என்று போட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். சரிபார்ப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும். இரண்டே பேர் இருக்கிற ஆபீஸில் எல்லா வரிக்கும் அது முடியாது என்று தெரியும், பேங்க்குக்கும் சம்பளத்துக்குமாவது செய்யுங்கள்.

கடைசியாக, போன மாதப் பட்டியலை நகலெடுத்து டிக்கை அழித்துவிட்டு இந்த மாதத்துக்கு ஓட்டுவதை நிறுத்துங்கள். ஒரு வரி தவறுதலாக அழிந்தால் அதற்குப் பிறகு எந்த மாதத்திலும் அது வராது, யாருக்கும் தெரியவும் தெரியாது. மூலப்படி தனியாக, பூட்டி இருக்கட்டும். நகல் எப்போதும் அதிலிருந்துதான். கணக்கை முடித்த வாரமே, விட்டுப்போனது எது என்று பேசி, திருத்தத்தை மூலப்படியில் செய்யுங்கள். அதைச் செய்யும் உரிமை உங்கள் ஒருவருக்கு மட்டும் இருந்தால் போதும்.

அடுத்த தணிக்கைக்கு வரும்போது நான் முதலில் கேட்கப்போவது அந்த மூலப்படியைத்தான்.

இப்படிக்கு,
உங்கள் பேரேடுகளைப் புரட்டுகிறவன்